விளைச்சல் கூடியும் ஏன் கை கடிக்குது?

"பர்மாவுல பெகு பக்கம் உளுந்து போடுறோம். அப்பா காலத்துல 30 மூட்டை வித்தா கை டிராக்டர் வாங்கலாம், இப்ப 50 கேக்குது. விளைச்சல் கூடத்தான் வருது, அப்புறம் ஏன்?"

தம்பி, 30ஐ 50ஆல வகுத்து 100ஆல பெருக்குங்க, 60 வரும், அதாவது அப்பா காலத்துல உங்க மூட்டைக்கு 100 பங்கு மெஷின் கெடைச்சா இப்ப 60 பங்குதான், அதுதான் உங்க வணிக வீதம். விளைச்சல் ஒன்றரை மடங்கானாலும் அப்ப 30 மூட்டை வந்த நிலத்துல இப்ப 45தான், இன்னும் 5 மூட்டை பத்தல. எல்லாரும் கூட விளைவிச்சா விலை எறங்கும், ஏன்னா காசு சேந்துட்டா யாரும் ரெண்டு மடங்கு இட்லி திங்கறதில்ல, ஆனா மெஷின் வாங்குவாங்க. டிராக்டர் கம்பெனியில உற்பத்தி கூடினா அந்த லாபம் பெரும்பாலும் சம்பளமாவும் முதலாளி லாபமாவும் அங்கயே தங்கிடும், நம்ம லாபம் விலை கொறைஞ்சு வாங்குறவங்களுக்குப் போயிடும். பிரெபிஷ், சிங்கர்னு ரெண்டு பொருளாதார நிபுணருங்க 1950லயே இதச் சொன்னாங்க.

நம்மகிட்ட உளுந்து வாங்குறவங்களும் முக்கியமா இந்தியாதான். 2017 ஆகஸ்ட்ல அவங்க உளுந்து இறக்குமதிக்கு அளவு வச்சதும் இங்க விலை சரிஞ்சத மறந்திருக்க மாட்டீங்க.

ஒண்ணு பாருங்க, அதே குதிரைசக்தி வண்டியா? புதுசு பெரிய இஞ்சின்னா அந்த 50ல கொஞ்சம் தரத்துக்கான காசு. அப்புறம் இந்த வீதம் வருசா வருசம் எறங்குற கோடும் இல்ல, 2000க்கு அப்புறம் சில வருசம் விளைபொருள் விலை நல்லாவே ஏறுச்சு.