கால்சியம் பாட்டில் இப்போது வேண்டாம்

கேள்வி: மொட்டை மாடியில் 24 குழி ஹைட்ரோபோனிக் கிட் வைத்திருக்கிறேன், 40 லிட்டர் தொட்டி. லெட்யூஸின் உள் இலைகள் ஓரம் கருகுகின்றன, வேர் பழுப்பாகி வழவழவென்று இருக்கிறது. விற்றவருக்குப் போட்டோ அனுப்பினேன், அதையே உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். கால்சியம் பாட்டிலும் வேர் சுத்தம் செய்யும் மருந்தும் சேர்த்து 1,150 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் இ.சி. மீட்டர் 2.3 காட்டுகிறது. தினமும் குறைகிற அளவுக்குச் சத்துத் தண்ணீர் ஊற்றி நிரப்புகிறேன்.
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: வாங்க வேண்டாம். முதலில் ஒரு சாதாரண தண்ணீர் தெர்மாமீட்டர் வாங்கி, மதியம் இரண்டு மணிக்குத் தொட்டியில் விட்டுப் பாருங்கள்.

உங்கள் போட்டோவில் என் கண்ணில் முதலில் பட்டது இலை இல்லை, தொட்டிதான். வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளை பிளாஸ்டிக். உள் சுவரெல்லாம் பச்சைப் பாசி. ஏப்ரல் மாத மாடியில் அந்தத் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். லெட்யூஸ் வேருக்கு 18 முதல் 22 டிகிரி வரை இதம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் வேருக்கு மூச்சு அதிகம் தேவை, தண்ணீரில் இருப்பதோ குறைவு. இந்த நிலையில்தான் பித்தியம் என்கிற அழுகல் நோய் எளிதில் பிடிக்கும். ஏர் பம்ப் ஓடுகிறதே என்பீர்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் எவ்வளவு பிடித்துவைக்க முடியுமோ அதுவரைதான் பம்ப்பால் நிரப்ப முடியும்.

அழுகல்தானா என்று உறுதி செய்ய ஒரு வேரை விரல்களுக்கு நடுவே மெல்ல இழுத்துப் பாருங்கள். மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சினால் அழுகல்தான். சாக்கடை வாடையும் இருக்கும். சில சத்துத் திரவங்கள் வேருக்குக் காப்பி நிறம் ஏற்றும். வழவழப்பும் வாடையும் இல்லாவிட்டால் அந்த நிறத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இலைக் கருகலும் இதோடு சேர்ந்ததுதான். கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு மட்டுமே பயணம் செய்யும். பகலில் வெளி இலைகள் வேகமாக ஆவியாக்குவதால் அதை அவையே இழுத்துக்கொள்ளும். சுருண்டு மூடிய உள் இலைக்கு இரவில் வேர் தள்ளிவிடும் அழுத்தத்தில்தான் போய்ச் சேரும். வேர் அழுகியிருந்தாலும், இ.சி. மிக அதிகமாக இருந்தாலும் அந்த அழுத்தம் குறைந்துவிடும். அதாவது தொட்டியில் கால்சியம் இருக்கிறது, இலைக்குத்தான் போகவில்லை. போர் தண்ணீரில் கால்சியம் பொதுவாக இருக்கும். ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வரும் சத்தில் ஏ பாட்டிலிலும் பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட்தான். ஏ, பி இரண்டையும் தண்ணீர் கலக்காமல் ஒன்றாக ஊற்றியிருந்தால் மட்டும் கதை வேறு. கால்சியம் வெள்ளைப் படிவாக அடியில் உறைந்திருக்கும். உங்கள் தொட்டியின் அடியில் அப்படி எதுவும் தெரியவில்லை.

இ.சி. 2.3 ஆனதற்குக் காரணம் நீங்கள் நிரப்பும் விதம். சூட்டில் செடி தண்ணீரைத்தான் அதிகம் குடிக்கும், சத்து பின்தங்கும். அதன் மேல் தினமும் சத்துத் தண்ணீர் ஊற்றினால் அது ஏறிக்கொண்டே போகும். லெட்யூஸுக்கு 1.0 முதல் 1.4 வரை போதும். நிரப்புவதற்கு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம், உங்கள் போர் தண்ணீரையே தனியாக அளந்து பாருங்கள். அதுவே 0.8 காட்டினால் சத்துக்கு இடமே மிஞ்சாது; பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலக்க வேண்டியிருக்கும்.

இப்போது இருக்கிற லெட்யூஸைக் காப்பாற்ற முயல வேண்டாம், பிடுங்கிவிடுங்கள். ஸ்பாஞ்சையும் எறியுங்கள். தொட்டி, குழாய், குழிக்கப் எல்லாவற்றையும் ஒரு பங்கு வீட்டு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். பி.எச். குறைக்கும் அமிலத்தோடு பிளீச் கலந்துவிடக் கூடாது, விஷவாயு வரும். தொட்டிக்கு முதலில் கறுப்பு பெயின்ட், அதன் மேல் வெள்ளை பெயின்ட் அடித்து, சுற்றிலும் தெர்மாகோல் கட்டி, நிழல் வலைக்கு அடியில் வையுங்கள். ஒரு லிட்டர் ஐஸ் பாட்டில் போட்டால் 40 லிட்டர் தண்ணீர் இரண்டு, இரண்டரை டிகிரி குறையும். மாலைக்குள் பழைய நிலைதான்.

அதனால் கோடை முழுக்க லெட்யூஸை விட்டுவிட்டு, சூட்டைத் தாங்கும் பேசில் மாதிரி எதையாவது போடுங்கள். அதற்கும் வேரழுகல் வரும் என்பதால் தொட்டி வேலையைத் தள்ளிப்போட முடியாது. லெட்யூஸ் விதையை நவம்பரில் எடுங்கள்.

விற்றவர் விளம்பரத்தில் ‘வருடம் முழுக்க லெட்யூஸ்’ என்று போட்டிருந்தாரா? போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரசீதோடு வையுங்கள். வெளிச்சம் புகாத தொட்டியாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். தொட்டியின் போட்டோவை, பாசியைக் கழுவுவதற்கு முன்பே தேதி தெரியும்படி எடுத்துவிடுங்கள்.