கம்ப்ரசர் கருகியது: வாரண்டி மறுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். ஆன்லைனில் 2,600 ரூபாய்க்கு 12 வோல்ட் டயர் கம்ப்ரசர் வாங்கினேன். ‘எந்தக் காரின் 12 வோல்ட் சாக்கெட்டிலும் வேலை செய்யும், நான்கு டயர்களையும் ஒரே மூச்சில் நிரப்பும்’ என்று போட்டிருந்தார்கள். ஆறு மாதம் ஓட்டாமல் நின்ற காரில் காற்று அடித்தேன். மூன்றாவது டயரில் கருகிய வாசனை வந்து நின்றுவிட்டது. காரின் சாக்கெட்டும் உருகிவிட்டது. அதை மாற்ற 1,400 ரூபாய் கேட்கிறார்கள். ‘8 நிமிடம் ஓட்டினால் 15 நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது, இது தவறான பயன்பாடு’ என்று வாரண்டியை மறுத்துவிட்டார்கள். வழக்குப் போடலாமா? — வாசகர், திருச்சி

பதில்: போடலாம். ஆனால் கம்ப்ரசர் ஒரு பிரச்சினை, சாக்கெட் வேறு பிரச்சினை. சட்டம் இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைத்துப் பார்க்கிறது.

முதலில் அந்த 8 நிமிடக் கணக்கு. காரின் டிக்கியில் வைக்கும் அளவுள்ள கம்ப்ரசரில் சின்ன மோட்டார் ஒன்று சின்ன பிஸ்டனை வேகமாக இயக்குகிறது. காற்றை அழுத்தினாலே சூடுதான். அந்தச் சூட்டை வெளியேற்ற இவ்வளவு சிறிய பெட்டியில் வழி குறைவு. அதனால்தான் இவ்வளவு நேரம் ஓடலாம், இவ்வளவு நேரம் ஆற வேண்டும் என்று ட்யூட்டி சைக்கிள் வைக்கிறார்கள். 8 நிமிடம் ஓட்டம், 15 நிமிடம் ஓய்வு என்றால் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை. அதுவும் பொதுவாக 22 டிகிரி போன்ற மிதமான வெப்பத்தில், ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்குச் சொல்லப்படும் எண். திருச்சி வெயிலில் நின்ற காரின் டிக்கியிலிருந்து எடுத்த கருவிக்கு அந்த 8 நிமிடமே அதிகம்.

உங்கள் வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? உங்களுடையது 15 அங்குல டயர் என்று வைத்துக்கொள்கிறேன். அதன் உள்ளே ஏறத்தாழ 30 லிட்டர் இடம் இருக்கும். 10 பி.எஸ்.ஐ.யிலிருந்து 33-க்கு ஏற்ற, வெளிக்காற்றில் 45 லிட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். பெட்டியில் நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று போட்டிருக்கும். அது எதிர்ப்பே இல்லாமல் வெறுமனே ஓடும்போது வரும் அளவு. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஆக டயருக்கு மூன்று நிமிடம், நான்குக்கும் பன்னிரண்டு. மூன்றாவது டயரில் 8 நிமிட எல்லை தாண்டியிருக்கும். கருகிய வாசனையும் அங்கேதான் வந்திருக்கிறது. எதிர்த்தரப்பு இதையே சொல்லும், அதில் தவறும் இல்லை.

ஆனால் விளம்பரத்தைப் பாருங்கள். நான்கு டயர்களையும் ஒரே மூச்சில் நிரப்பும் என்று சொல்லி விற்றுவிட்டு, 8 நிமிடத்தில் நிறுத்து என்று பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் எழுதினால், வாங்குபவர் எதை நம்பிப் பணம் கட்டினார்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(28)-ன்படி, பொருளைப் பற்றித் தவறாக விவரிப்பதும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரம். விற்பவர் வெளிப்படையாகச் சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டால், பிரிவு 2(10)-ன்படி அது குறைபாடு. உங்கள் வழக்கு நிற்பது இங்கேதான். ஓய்வு நேரம் விற்பனைப் பக்கத்திலோ கருவியின் மேலோ அச்சிட்டிருந்தால் உங்கள் கை தாழ்ந்துவிடும். கையேட்டில் மட்டும் இருந்தால் வலுவான வாதம் இருக்கிறது. ஆகவே இன்றே அந்த விற்பனைப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போனதும் வாசகத்தை மாற்றிவிடுவார்கள்.

இன்னொன்று, கருவியைத் திறக்காதீர்கள், தெருமுனை மெக்கானிக்கிடமும் கொடுக்காதீர்கள். திறந்த கருவியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சூடு ஏறினால் தானாக நிற்கும் வெப்பத் தடுப்பான் உண்டு என்று விளம்பரத்தில் இருந்ததா என்று பாருங்கள். இருந்தும் கருகியிருந்தால் அந்தத் தடுப்பான் வேலை செய்யவில்லை என்று பொருள். அப்போது தவறான பயன்பாடு என்ற பேச்சே பலமிழந்துவிடும். மறுப்புக்கான காரணத்தைச் சர்வீஸ் அறிக்கையாக எழுத்தில் கேளுங்கள். ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதன் கட்டணத்தை நீங்கள்தான் முதலில் கட்ட வேண்டியிருக்கும். 2,600 ரூபாய் பொருளுக்கு அது கட்டுப்படியாகாது, ஆவணங்களை நம்பிப் போவதே மேல்.

இனி சாக்கெட். இதில் உங்கள் நிலை இன்னும் நல்லது என்பேன். பல குடும்பக் கார்களின் சாக்கெட் மூடியில் 12 வோல்ட், 120 வாட் என்று எழுதியிருக்கும். அதாவது 10 ஆம்பியர். கம்ப்ரசரின் அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள்: 14 ஆம்பியர் என்று இருந்தால் கிட்டத்தட்ட 170 வாட். காரில் அந்தச் சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருந்தால் அது எரியாது. சாக்கெட்தான் சூடேறி உருகும். அப்படியானால் ‘எந்தக் காரின் சாக்கெட்டிலும்’ என்ற வாசகம் பொய்.

அதே சட்டத்தில் உள்ள தயாரிப்புப் பொறுப்பு என்ற தனி அத்தியாயத்தில், பொருள் வேறு சொத்துக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம்; பொருளுக்கே நேரும் சேதம் அதில் வராது. எனவே கம்ப்ரசரின் விலையைக் குறைபாடு, நேர்மையற்ற வணிகம் என்ற அடிப்படையிலும், சாக்கெட்டின் 1,400 ரூபாயைப் பிரிவு 84-ன் அடிப்படையிலும் கேளுங்கள். சரியான பயன்பாட்டுக்குப் போதுமான அறிவுரையோ எச்சரிக்கையோ தராத தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது அந்தப் பிரிவு. தயாரித்தவர் யாரென்றே தெரியாத இறக்குமதிச் சரக்கு என்றால், பிரிவு 86-ன்படி விற்றவரைப் பிடிக்கலாம். அவரோ பொருளைத் தவறாகப் பயன்படுத்தினீர்கள் என்று பிரிவு 87-ஐக் காட்டுவார். அதற்குப் பதிலும் அந்த ஸ்கிரீன்ஷாட்தான்.

வழி இதுதான். முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். இந்தத் தொகைக்குப் பெரும்பாலும் அங்கேயே பணம் திரும்ப வந்துவிடும். வராவிட்டால் திருச்சி மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. e-jagriti.gov.in தளத்தில் நீங்களே தாக்கல் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.

அடுத்து வாங்கும்போது 150 பி.எஸ்.ஐ. என்ற பெரிய எழுத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். உங்களுக்குத் தேவை 35 வரைதான். ஓட்டம் எத்தனை நிமிடம், ஓய்வு எத்தனை, எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்ற மூன்றும் விற்பனைப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்பவரிடம் கேள்வியாகப் போட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். சாக்கெட்டில் செருகுவதானால் 10 ஆம்பியருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் இழுப்பது வேண்டுமென்றால் பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப் உள்ளதை வாங்குங்கள். பின்சக்கரம் வரை வயர் எட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.