161ஆம் நாளில் இருந்து வருமானம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விலையைப் பயன்படுத்திய தடவைகளால் வகுத்து, "பத்துத் தடவை உடுத்தினால் புடவை இலவசம்" என்று சொல்லும் ஜோக்கைப் பற்றிப் போன முறை எழுதினாலும் எழுதினேன், தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கத்தில் இருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. பாதிப் பேர் சிரிக்கக் கேட்கிறார்கள், மீதிப் பேர் அனுமதி கேட்கிறார்கள்.

கே: இதற்கு "கேர்ள் மேத்" என்று பெயராம், மகள் சொல்கிறாள். பெண்களைக் கேலி செய்வதற்காக வைத்த பெயரா? (பாலக்கோடு)

2023இல் நியூசிலாந்தில் ஒரு வானொலி நிகழ்ச்சியில் இருந்துதான் இந்தப் பெயர் பிரபலமானது. ஆசையாக வாங்கியதன் விலையைச் சொன்னால், அது ஏறக்குறைய இலவசம் என்று நிரூபித்துக் காட்டுவார்கள். பெயர் எப்படி இருந்தால் என்ன? எழுபதாயிரத்துக்கு பழைய பைக் வாங்கி நாற்பதாயிரத்துக்கு அலங்காரம் செய்துவிட்டு, "புது பைக்கை விட லாபம்" என்பவர் பெண் இல்லையே.

கே: காபி மெஷின் 24,000 ரூபாய்க்கு வாங்கினேன். காபி ஷாப்பில் ஒரு கப் 150. ஆக 160 நாளில் மெஷின் இலவசம். 161ஆம் நாளில் இருந்து தினமும் 150 ரூபாய் வருமானம். அந்த வருமானத்தில் கொட்டை அரைக்கும் கிரைண்டர் வாங்கலாமா? (ஓசூர்)

ஜோக்காக இது முதல் தரம். இந்த வகை ஜோக்கில் வகுத்தல் சரியாக இருக்க வேண்டும், ஆரம்ப அனுமானம் மட்டும் பொய்யாக இருக்க வேண்டும். உங்களுடையதில் அப்படியே இருக்கிறது. ஆனால் கடைசி வரியில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். எனக்கு எரிச்சல் வரும் இடம் அதுதான்.

தினமும் 150 மிச்சம் என்ற அந்த அனுமானத்தைப் பார்ப்போம். வீட்டுக் காபியும் சும்மா வருவதில்லை. பால், தூள், கரண்ட் எல்லாம் சேர்த்து கப்புக்கு 20 ரூபாய் என்று வையுங்கள். மிச்சம் 130தான், நாள் 185 ஆகிவிடுகிறது. அதுவும் தினம் தவறாமல் 150 ரூபாய் காபி குடித்துவந்தவருக்கு. நீங்களோ கடிதத்தின் மூன்றாவது வரியில், "வழக்கமாக பஸ் ஸ்டாண்டு எதிரே 20 ரூபாய் ஃபில்டர் காபி" என்று எழுதியிருக்கிறீர்கள்! 20 ரூபாய் காபியை விட்டு வீட்டில் 20 ரூபாய் காபி குடித்தால் மிச்சம் பூஜ்யம். 24,000ஐ மீட்க எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம், போர்த் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? நம் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே வெள்ளையாகப் படியும். காபி சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி. அந்தப் படிவை எடுக்கும் செலவையும் கப் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனை ஆயிரம் கப் குடித்தாலும் ஒரு கப்பின் செலவு பால், தூள் விலைக்குக் கீழே இறங்காது. போன முறையும் சொன்னேன், எதால் வகுத்தாலும் பூஜ்யம் வராது.

வாங்கியது போகட்டும், ஆசைக்கு வாங்கினீர்கள், குடியுங்கள். வராத 150ஐ வருமானம் என்று எழுதி, அதில் அடுத்த சாமான் வாங்குவதுதான் வினை. 161ஆம் நாள் காலையில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். அந்த 150 அதில் இருந்தால் கிரைண்டர் வாங்கலாம்.

கே: வீட்டு டிரெட்மில்லில் இப்போது துணி காயப்போடுகிறோம். அதையும் ஒரு பயன்பாடாக எண்ணலாமா? (காவேரிப்பட்டணம்)

எண்ணலாம். ஆனால் கொடிக்கயிறு அறுபது ரூபாய்.

கே: 1,800 ரூபாய் சுடிதாரைத் திருப்பி அனுப்பினேன், பணம் வந்துவிட்டது. அதில் 1,500க்கு வேறு எடுத்தேன். 300 லாபம்தானே? (அரூர்)

போன பணம் திரும்பி வந்தது, அவ்வளவுதான். கையை விட்டுப் போனது 1,500. உங்களைக் குறை சொல்லவில்லை, "திரும்பி வந்த காசு" என்று மனதில் தனி டப்பா போட்டுவிடுகிறோம். மனக்கணக்கின் இந்த டப்பாக்களை ஆராய்ந்த ரிச்சர்ட் தேலருக்கு 2017இல் பொருளாதார நோபல் பரிசே கொடுத்தார்கள். டப்பா எத்தனை இருந்தாலும் பர்ஸ் ஒன்றுதான்.

கே: ஒரு பொருள் வாங்கினேன், அடிக்கடி பயன்படுத்துகிறேன். இலவசம் ஆகிவிட்டதா?

என்ன பொருள்? என்ன விலை? "அடிக்கடி" என்றால் வாரம் எத்தனை தடவை? ஊர் பெயர்கூட இல்லை. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது?

கே: டெலிவரி சார்ஜ் 40 ரூபாயை மிச்சம் பிடிக்க 180 ரூபாய்க்கு ஹேர் கிளிப் சேர்த்து வாங்கினேன். சரிதானே? (பென்னாகரம்)

கிளிப் தேவைப்பட்டதா என்று எழுதவில்லையே. தலையில் இருந்தால் சரி. பிரிக்காத கவரில் இருந்தால் 140 ரூபாய் நஷ்டம்.