படத்தில் இருக்கும் ஆர்மோனியத்தை வாங்கலாமா?

"வெள்ளவத்தையில் ஒருவர் விற்கும் பெட்டியின் படம் இது. யாருடைய தயாரிப்பு? பாட்டுப் பழகத் தொடங்கும் மகளுக்கு வாங்கலாமா?"

இது கைத்துருத்தி ஆர்மோனியம். கட்டைகள் 39, அதாவது மூன்றேகால் ஸ்தாயி, மகளுக்குத் தாராளம். பெயர்த்தகட்டை மட்டும் நம்பித் தயாரிப்பாளரை முடிவுசெய்யாதீர்கள். அதைக் கழற்றி வேறு பெட்டியில் பொருத்துவது எளிது.

தரம் உள்ளே அதிர்ந்து ஒலியெழுப்பும் பித்தளை நாக்குகளில் இருக்கிறது. மூடியைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். பச்சை பூத்திருந்தால் கடற்கரை ஈரம் உள்ளே போயிருக்கிறது, விலகிவிடுங்கள்.

நேரில் பார்க்கும்போது தொடர்ந்து ஒலிக்கும் சுருதிக்கான குமிழ்களை உள்ளே தள்ளி மூடி, மற்றக் குமிழ்களை வெளியே இழுத்துவிட்டு, எந்தக் கட்டையையும் தொடாமல் துருத்தியை அழுத்துங்கள். சில அழுத்தங்களில் அது இறுக வேண்டும். சத்தமின்றித் தளர்ந்தால் காற்று கசிகிறது. தானாக ஒரு சுரம் ஒலித்தால் அந்தக் கட்டையின் அடைப்பு சரியாக மூடவில்லை. இது பழுதுபார்ப்பவர் சரிசெய்யக்கூடிய குறை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.