ஒளித்தொகுப்பிலிருந்து ஒழுங்கு வினா, பொருத்தல் வினா: விஞ்ஞான ரீச்சரிடம் கேட்டவை

ரீச்சர், ஒளித்தொகுப்பை ஏழு படியாக்கி "ஒழுங்குபடுத்துக" என்று தரம் 11க்குக் குடுத்தன். கெட்டிக்காரப் பிள்ளையளும் பிழை விட்டிட்டினம். ஏன்? (சாவகச்சேரி)

உங்கள் படிகளில் "வேர் நீரை உறிஞ்சல்", "இலைவாயால் காபனீரொட்சைட்டு உட்புகல்" இரண்டும் இருந்திருக்கும். அவற்றில் எது முதல்? இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒட்சிசன் வெளியேறுவதும் வெல்லம் உருவாவதும் அப்படித்தான். முன்னது முடியாமல் பின்னது நடக்காது என்று சொல்ல முடிந்தால்தான் அது ஒழுங்கு வினாவுக்கு உதவும்.

அதே பாடத்தில் மாப்பொருள் சோதனையை எடுங்கள். செடியை 48 மணி நேரம் இருட்டில் வைக்கிறோம், பழைய மாப்பொருள் தீரட்டும் என்று. பிறகு சில மணி நேரம் வெயில். இலையைப் பறித்துக் கொதிநீரில் போட்டால் கலங்கள் இறந்து மென்சவ்வு குலையும். அதன்பின் நீர்த்தொட்டியில் வைத்த அற்ககோலில் சூடாக்கினால் பச்சையம் கழன்றுவிடும். இலை மொறுமொறுப்பாகி உடையப் பார்க்கும், அதனால் இளஞ்சூட்டு நீரில் கழுவி மெதுவாக்குகிறோம். கடைசியில்தான் அயடீன். ஆறு படி, ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்தில் இருக்க ஒரு காரணம்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். "நிறம் நீங்கிய இலையைக் கழுவுதல்" என்று எழுதினால், அது அற்ககோலுக்குப் பின் என்று வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும். "இலையை இளஞ்சூட்டு நீரில் கழுவுதல்" போதும். "பின்னர்", "அந்த இலையை" போன்றவற்றையும் வெட்டிவிடுங்கள்.

படி கூடினால் ஊகிக்க ஏலாது. அதனால நான் பத்துப் படி போடுறனான். சரிதானே?

ஊகிப்பதைப் பற்றிச் சொன்னது சரி. நாலு படியை 24 விதமாக அடுக்கலாம், ஆறு படியை 720 விதமாக. ஆனால் ஆறிலேயே ஊகம் செத்துவிட்டது. அதற்கு மேல் போனால் பிள்ளை பத்து வாக்கியத்தையும் மனதில் வைத்திருக்க வேண்டும், நீங்கள் விஞ்ஞானத்தை விட்டு ஞாபகத்தைச் சோதிக்கத் தொடங்கிவிடுவீர்கள். எனக்கு ஐந்து, ஆறே பிடிக்கும்.

புள்ளி எப்பிடிப் போடுறது? ஒன்று மாறினால் எல்லாம் மாறுதே.

இடத்தைப் பார்க்காமல் அடுத்தடுத்த சோடிகளைப் பாருங்கள். சரியான ஒழுங்கு க, ங, ச, ஞ, ட, த என்று வைப்போம். ஒருவர் த, க, ங, ச, ஞ, ட என்று எழுதினால், இடப்படி பார்த்தால் பூச்சியம். ஆனால் க-ங, ங-ச, ச-ஞ, ஞ-ட நாலும் சரி, ஐந்துக்கு நாலு.

அப்ப அயடீனை முதல் விட்ட பிள்ளைக்கு நாலு புள்ளியோ? நான் ஒத்துக்கொள்ள மாட்டன்.

உங்கள் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. இருட்டு-வெயில், அற்ககோல்-அயடீன் என்ற முக்கிய முன்பின்னுக்குத் தனிப் புள்ளி வைப்பவர்களும் உண்டு. திருத்த நேரம் எடுக்கும், ஆனாலும் பதினைந்து தாள்தான் என்றால் நானும் அப்படியே செய்வேன். நூறு தாள் என்றால் சோடி முறைதான். இதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

என்ர மகனுக்கு இந்த ஒழுங்கு மனசில நிக்குதில்லை. ஏதும் சுருக்கு வழி இருக்கோ?

அம்மா, இங்கே வினா ஆக்குவது பற்றித்தான் பேசுகிறோம். ஆனாலும், ஒவ்வொரு படிக்கும் "இதை விட்டால் என்ன கெடும்?" என்று அவரைக் கேளுங்கள்.

இதே சோதனையில பொருத்தல் வினா போடலாமோ?

தாராளமாக. இடப்பக்கம் செயல், வலப்பக்கம் காரணம். வலப்பக்கம் முழுதும் காரணமாகவே இருக்கட்டும். நடுவில் "கருநீலம்" என்று ஒரு நிறம் வந்தால், பாடம் படிக்காதவரும் அதை அயடீனோடு கோடு இழுப்பார். ஐந்துக்கு ஐந்து கொடுத்தால் கடைசி விடை சும்மா கிடைக்கும், ஒன்றை மட்டும் பிழை விடவும் முடியாது. நாலு செயலுக்கு ஆறு காரணம் கொடுங்கள். மேலதிகமான இரண்டும் பிள்ளைகள் உண்மையில் நம்பும் பிழைகளாக இருக்க வேண்டும்: "கொதிநீர் இலைவாயைத் திறக்கும்", "அற்ககோல் மாப்பொருளைக் கரைக்கும்".

நான் வணிகக் கல்வி. ஒடியல் மா வழங்கல் சங்கிலியை ஒழுங்கு வினாவாக்கலாமோ?

கிழங்கைக் கிண்டி, தோலுரித்து, கிழித்து, காயவைத்து, அரைத்து, பொதிசெய்து, கடைக்கு அனுப்புவது வரை ஒரே கோடு. நடுவில் அவித்தலை நுழைத்தால் அது புழுக்கொடியலாகிவிடும், நல்ல பொறி அது. ஆனால் "பை அச்சடித்தல்", "கடைக்காரரின் கட்டளை பெறல்" இரண்டையும் சேர்க்காதீர்கள். பையை எப்போதும் அச்சடிக்கலாம். கட்டளை கடையிலிருந்து பின்னோக்கி வருவது, கிழங்கு கிண்ட முன்னரும் வரலாம். வினாவின் தலையிலேயே "கிழங்கு செல்லும் வழியை மட்டும் ஒழுங்குபடுத்துக" என்று எழுதிவிடுங்கள்.