பிராக்கெட் அச்சிடும்போது முதலில் மாற்ற வேண்டியது இன்ஃபில் சதவீதம் அல்ல

கேள்வி: புத்தகப் பலகை தாங்க எல் வடிவ பிராக்கெட்டுகளை 3டி பிரிண்டரில் பிஇடிஜி இழை கொண்டு அச்சிடுகிறேன். பலகைக்கு அடியில் நீளும் கையின் உயரம் 20 மி.மீ., அகலம் 12 மி.மீ. இப்போது 2 சுற்றுச்சுவர், உள்ளே நிரப்பும் இன்ஃபில் 20% கிரிட் வடிவில். பலகை லேசாகத் தொய்கிறது. 40 சதவீதத்துக்கு ஏற்றினால் போதுமா, அல்லது ஹனிகோம்ப் மாதிரி வேறு வடிவம் வேண்டுமா? இழையும் வீணாகக் கூடாது.

பதில்:

சதவீதத்தை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். இன்ஃபிலை 15% ஆக்கி, அலையலையாக வளையும் கைராய்டு வடிவில் வைத்து, சுற்றுச்சுவரை 2இலிருந்து 5 ஆக்குங்கள். 40 சதவீதத்துக்குப் போவதை விட இழை குறைவாகச் செலவாகும். பிராக்கெட்டும் அதைவிட விறைப்பாக இருக்கும்.

கையின் நுனியில் பாரம் அமரும்போது மேற்பரப்பு இழுபடுகிறது, அடிப்பரப்பு நசுங்குகிறது. இரண்டுக்கும் நடுவே, உயரத்தின் மையத்தில், இழுப்பும் இல்லை, நசுக்கலும் இல்லை. மையத்திலிருந்து விலக விலக பிளாஸ்டிக்கின் ஒவ்வொரு துளியும் அதிகம் உழைக்கிறது. விறைப்பில் அதன் பங்கு, விலகிய தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. இரும்பு உத்திரங்களை ஐ வடிவில் செய்வதும் இதற்காகத்தான். இன்ஃபில் சதவீதத்தை ஏற்றும்போது, அதிகம் உழைக்காத நடுப்பகுதியிலும் சேர்த்துப் பிளாஸ்டிக்கைக் கொட்டுகிறோம். சுற்றுச்சுவரைக் கூட்டினால் அது நேராக மேல், கீழ் விளிம்புகளுக்குப் போய்ச் சேர்கிறது.

உங்கள் அளவுகளையே வைத்துப் பார்க்கலாம். பிராக்கெட்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அச்சிடுவதாகவும், ஒரு கோடு 0.45 மி.மீ. தடிமன் என்றும், அப்படிப் படுத்த நிலையில் மேலும் கீழும் திட அடுக்குகள் தலா 1 மி.மீ. என்றும் கொள்கிறேன். கையை முழுத் திடமாக அச்சிட்டால் குறுக்குவெட்டில் 240 சதுர மி.மீ. பிளாஸ்டிக் இருக்கும், அந்த விறைப்பை 100 என்று வைத்துக்கொள்வோம்.

2 சுவரும் 40% இன்ஃபிலும் வைத்தால் பிளாஸ்டிக் சுமார் 131 சதுர மி.மீ.; விறைப்பு அதிகபட்சம் 62. 5 சுவரும் 15% இன்ஃபிலும் வைத்தால் பிளாஸ்டிக் 108 சதுர மி.மீ.; விறைப்பு 67 வரை. இதில் இன்ஃபிலுக்கு நான் தாராளமாகவே மதிப்பெண் போட்டிருக்கிறேன்: அதன் ஒவ்வொரு கோடும் கையின் நீளவாக்கில் ஓடிப் பாரத்தைத் தாங்குவதாகக் கணக்கு. உண்மையில் அவை குறுக்கும் சாய்வுமாக ஓடுவதால் அவ்வளவு உதவாது. ஆகவே இன்ஃபிலை நம்பும் முதல் அமைப்புக்குத்தான் நிஜத்தில் அடி அதிகம். 5 சுவர் மட்டும் வைத்து உள்ளே வெறுமையாக விட்டாலும் 85 சதுர மி.மீ. பிளாஸ்டிக்கில் 61 கிடைத்துவிடுகிறது. உங்கள் இப்போதைய 2 சுவர், 20% அமைப்பு 94 சதுர மி.மீ. எடுத்துக்கொண்டு 50ஐத் தாண்டாது. தொய்வுக்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் இன்ஃபில் எதற்கு? சுவர்கள் உள்நோக்கி மடங்காமல் தாங்கவும், மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் ஒன்றோடொன்று நழுவாமல் பிணைக்கவும், மூடும் அடுக்குகளுக்கு அடியில் பிடிமானம் தரவும். இதற்கு 15 முதல் 20% போதும். வடிவத்தைப் பொறுத்தவரை கைராய்டு அல்லது கியூபிக் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தாங்கும். கிரிட்டில் ஒரே அடுக்கிலேயே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. வெட்டும் இடத்தில் மேடு எழும்பி, வேகமாக அச்சிடும்போது பிரிண்டரின் முனை அதில் தட்டும். ஹனிகோம்ப் அச்சிட நேரம் பிடிக்கும். வளைவு வேலையில் அதற்கேற்ற பலன் இல்லை. லைட்னிங்கைப் பிராக்கெட்டுக்குத் தொடவே வேண்டாம், அது மேற்கூரையைத் தாங்குவதற்கு மட்டும் கிளை விடும் வடிவம். இந்த அளவுள்ள பொருளில் கைராய்டா கியூபிக்கா என்று தேடுவதில் நேரம் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். வேறுபாடு ஒரு சுவர் கூட்டுவதற்கு ஈடாகாது.

இந்தச் சுவர்ப் பேச்செல்லாம் பிராக்கெட் படுத்துக்கொண்டு அச்சாகும்போது மட்டுமே பொருந்தும். அப்போதுதான் சுற்றுச்சுவரின் கோடுகள் கையின் மேல் விளிம்பில் முறியாமல் ஓடி, மூலையில் திரும்பி, காலில் இறங்குகின்றன. செங்குத்துக் கால் மேல்நோக்கி நிற்கும்படியோ, கை மேல்நோக்கி நிற்கும்படியோ அச்சிட்டால் இரண்டில் ஒன்றில் அடுக்குகள் பாரத்துக்குக் குறுக்கே விழும். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலான ஒட்டுதான் பிரிண்டின் மிக பலவீனமான இடம். 100% இன்ஃபில் போட்டாலும் அந்த ஒட்டு மாறப்போவதில்லை.

சதவீதம் உண்மையிலேயே தேவைப்படும் ஓர் இடம் உண்டு: திருகாணித் துளையைச் சுற்றி. அங்கே வேலை வளைவு அல்ல, நசுக்கல். ஸ்க்ரூவின் தலை அழுத்தும்போது அடியில் வெற்றிடம் இருந்தால் மூடு அடுக்குகள் மெல்ல உள்வாங்கும், ஸ்க்ரூ தளரும், பிராக்கெட் முழுவதும் சாயும். பார்ப்பவருக்கு அதுவும் தொய்வு போலவே தெரியும். பொருளை அச்சுக்கான அடுக்குகளாக வெட்டித் தரும் மென்பொருளில், பிரூசாஸ்லைசரிலோ ஆர்கா ஸ்லைசரிலோ, பொருளின் மேல் வலது சொடுக்கி `Add modifier` என்பதில் ஓர் உருளையைச் சேருங்கள். துளையைவிட 8 முதல் 10 மி.மீ. அதிக விட்டம் வைத்து, அந்த உருளைக்குள் மட்டும் இன்ஃபிலை 100% ஆக்குங்கள். சில கிராம் இழைதான் கூடும். ஒரு வாஷரும் போட்டுவிடுங்கள்.

ஸ்லைஸ் செய்த பிறகு முன்காட்சியில் ஒரு நடு அடுக்கைப் பாருங்கள். 5 சுவர் இரு பக்கத்திலுமாக 4.5 மி.மீ. எடுக்கும். பிராக்கெட்டில் 4 மி.மீ. அளவு ஒல்லியான பகுதி இருந்தால் அது சுவராலேயே நிரம்பிவிடும். அங்கே இன்ஃபில் 10% என்று போட்டாலும் 80% என்று போட்டாலும் ஒன்றுதான்.

இதற்குப் பிறகும் தொய்ந்தால் வடிவத்தை மாற்றுங்கள். கையின் உயரத்தை 20இலிருந்து 24 மி.மீ. ஆக்கினால், அதே 5 சுவர், 15% அமைப்பில் இழை 13% அளவுக்குத்தான் கூடும். விறைப்போ ஏறக்குறைய 60% கூடும். எந்த இன்ஃபில் மாற்றமும் இந்த விலைக்கு இதைத் தராது. மூலைக்குச் சரிவான தாங்கு ஒன்று வைக்க இடமிருந்தால் இன்னும் நல்லது. உள்மூலையைக் கூராக விடாமல் 5, 6 மி.மீ. ஆரத்தில் வளைத்துவிடுங்கள். செங்குத்துக் கால் கைக்கு மேலே இருக்கும்படி மாட்டுபவர்களுக்கு இது கட்டாயம்: பாரம் ஏறும்போது அந்த மூலை விரியப் பார்க்கும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கால் கைக்குக் கீழே இருந்தால் உள்மூலை நசுங்கத்தான் செய்யும், அது பாதுகாப்பானது.

ஒரு பிராக்கெட்டைத் தியாகம் செய்து, உடையும்வரை பாரம் ஏற்றிப் பார்ப்பது நல்லது. உடைந்த முகம் காரணத்தைச் சொல்லிவிடும். அடுக்குக் கோட்டின் வழியே வழவழப்பாகப் பிரிந்திருந்தால் படுக்கவைத்த திசை தவறு, அல்லது முனையின் வெப்பம் போதவில்லை. சுவர் இன்ஃபிலிலிருந்து உரிந்து வந்திருந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் அளவைக் கூட்ட வேண்டும். இழுபட்ட விளிம்பு வெளுத்து, நார் நாராகக் கிழிந்திருந்தால் பிளாஸ்டிக் தன் முழு பலத்தையும் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் வேண்டுமென்றால் உயரத்தைக் கூட்டுவதுதான் வழி.