கேக்காமயே வந்த டிரான்ஸ்பர் பின், அமெரிக்க நம்பரை எப்படி பூட்டுறது?

கேள்வி: நியூ ஜெர்சில 22 வருஷம் வேலை பாத்துட்டு இப்ப கும்பகோணம் பக்கத்துல சொந்த ஊருக்கே வந்துட்டேன். பென்ஷன் அமெரிக்க பேங்க்லதான் விழுது, ஓடிபிக்காக பழைய நம்பரை மகனோட ஃபேமிலி பிளான்லயே வச்சிருக்கேன். போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு "Number Transfer PIN"னு ஆறு இலக்கத்தோட ஒரு மெசேஜ், நான் எதுவுமே கேக்கல. பத்து நிமிஷத்துல போன் கம்பெனிலேர்ந்து பேசுறேன்னு ஒருத்தன் அந்த நம்பரை கேட்டான், குடுக்கல. பணத்துக்கு ஆபத்து இருக்கா?

பதில்: குடுக்காம விட்டீங்களே சார், பாதி வேலை அங்கயே முடிஞ்சுது. மீதி பாதி உங்க கையில இல்ல, மகன் கையில இருக்கு, அதுக்கு பின்னாடி வரேன்.

அமெரிக்காவுல ஒரு நம்பரை ஒரு கம்பெனிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தணும்னா புது கம்பெனிக்காரன் நாலு விஷயந்தான் கேப்பான். போன் நம்பர், பழைய கம்பெனில உள்ள அக்கவுண்ட் நம்பர், பில் போற விலாசத்தோட ஜிப் கோடு, அப்பறம் இந்த டிரான்ஸ்பர் பின். உங்களுக்கு போன் போட்டவன் பின்ன மட்டும் கேட்டான்னா மத்த மூணும் ஏற்கனவே அவன்கிட்ட இருக்குன்னுதான் எடுத்துக்கணும். போன் நம்பரும் ஜிப்பும் எங்க வேணா கிடைக்கும், ஆனா அக்கவுண்ட் நம்பர் பில்லுல இருக்கும், பில்லு மகனோட ஈமெயில்ல இருக்கும். எனக்கு உறுத்துறது அந்த இடந்தான்.

இன்னொண்ணும் யோசிச்சு பாருங்க, மகனோட அக்கவுண்ட்டுக்குள்ள அவன் முழுசா நுழைஞ்சிருந்தா பின்னை ஸ்கிரீன்லயே பாத்திருப்பான், உங்களுக்கு போன் போடவேண்டிய அவசியமே இல்ல. அதனால பெரும்பாலும் கஸ்டமர் கேர்ல உங்க மகன் மாதிரி பேசி பின்னை அனுப்ப வச்சிருக்கணும், அது உங்க போனுக்கு வந்து விழுந்துடுச்சு. ஆனா இது என் ஊகந்தான், அதை நம்பி பாஸ்வேர்டை மாத்தாம விட்டுடாதீங்க.

குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னா, உங்களுக்கு ராத்திரி பத்தரைன்னா கோடை காலத்துல நியூ ஜெர்சில மத்தியானம் ஒரு மணி, கடையெல்லாம் தொறந்திருக்கும். செல்போன் நம்பர் மாறுறது அங்க நாள் கணக்குல இல்ல, சில மணி நேரத்துல முடிஞ்சுடும். நீங்க தூங்கிட்டிருக்கும்போதே உங்க நம்பர் அவன் சிம்முல ஓட ஆரம்பிச்சிருக்கும், அவன் பேங்க் சைட்டுல பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு அமுக்குவான், ஓடிபி அவனுக்கே போகும், காலைல நீங்க காபி குடிக்க எழுந்திரிக்கறப்ப அங்க சாயங்காலமே ஆயிருக்கும். அந்த பின்னுக்கு ஆயுசும் கம்மிதான், கம்பெனிய பொறுத்து நாலு நாளோ ஏழு நாளோ. அதனால உங்களுக்கு வந்தது இந்நேரம் செத்திருக்கும், ஆனா அவன் இன்னொண்ணு கேக்கலாம்.

இப்ப மகன் செய்யவேண்டியது. ஃபேமிலி பிளான்ல அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் இதெல்லாம் மாத்த முடியும், நீங்க இங்க உக்காந்து எவ்வளவு முயற்சி பண்ணாலும் நடக்காது. முதல்ல ஈமெயில் பாஸ்வேர்டு, அப்பறம் போன் கம்பெனி பாஸ்வேர்டு, இந்த வரிசைலதான் மாத்தணும், ஏன்னா ஈமெயில் அவன்கிட்ட இருந்தா போன் கம்பெனி பாஸ்வேர்டை ரீசெட் பண்ணிக்கிட்டே இருப்பான். அடுத்து அக்கவுண்ட் பின். இது டிரான்ஸ்பர் பின் இல்ல, கஸ்டமர் கேர்ல பேசும்போது நீங்கதானான்னு பாக்க கேக்கறது, ரொம்ப பேரு ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க. பொறந்த வருஷத்தையோ போன் நம்பரோட கடைசி நாலு எண்ணையோ அதுக்கு வைக்கக்கூடாது.

அதுக்கப்பறந்தான் பூட்டு. வெரைசான் ஆப்ல இது Number Lock, டி-மொபைல்ல Port Out Protection, ஏடி அண்ட் டில Wireless Account Lock. இதை ஆன் பண்ணிட்டா நம்பரை வெளில எடுத்துட்டு போக முடியாது, முதல்ல பூட்டை தொறந்தாகணும். 2023 நவம்பர்ல அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையமான FCC போட்ட உத்தரவே இந்த மாதிரி பூட்டை காசு வாங்காம குடுக்கணும்னுதான் சொல்லுது, அதனால யாராவது இதுக்கு சார்ஜ் கேட்டா அவன் கம்பெனிக்காரன் இல்ல. உங்க லைன் ஒண்ணுக்கு மட்டும் போட்டு விட்டுடாம பிளான்ல உள்ள எல்லா லைனுக்கும் போடச் சொல்லுங்க.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. வயலுக்கு மேல்மடையும் கீழ்மடையும் இருக்குல்ல, மேல்மடைய மட்டும் அடைச்சுட்டு கீழ்மடைய தொறந்து வச்சா என்ன ஆகும்? அந்த மாதிரி, டிரான்ஸ்பர் பின்னும் நம்பர் லாக்கும் வேற கம்பெனிக்கு போறதத்தான் தடுக்கும். அதே கம்பெனிக்குள்ளயே "போன் தொலைஞ்சுபோச்சு, புது சிம் குடுங்க"ன்னு எவனாவது கடைல போய் நின்னா அது வேற வாசல், அதுக்கு டிரான்ஸ்பர் பின் தேவையே இல்ல. வெரைசான்லயும் டி-மொபைல்லயும் அதுக்கு SIM Protection-னு தனி பட்டன் இருக்கு, ஏடி அண்ட் டில மேல சொன்ன ஒரே பூட்டு ரெண்டுக்கும் சேத்துதான். ரெண்டு வாசலும் சாத்திருக்கான்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, "போட்டுட்டேம்ப்பா"ங்கற வார்த்தைய நம்பாதீங்க.

நம்பர் போயிடுச்சான்னு கண்டுபிடிக்கறது உங்களுக்கு கொஞ்சம் கஷ்டம். அங்க இருக்கறவனுக்கு சிக்னல் போனா உடனே தெரியும். நீங்க வீட்ல வைஃபைலயே இருப்பீங்க, நெட்டு ஓடும், யூடியூப் ஓடும், நம்மூர் சிம்முல கால் வரும், எல்லாம் சரியா இருக்கற மாதிரியே இருக்கும். அமெரிக்க சிம்முக்கு பக்கத்துல No Service, இல்லன்னா SOS-னு வந்துட்டு ரீஸ்டார்ட் பண்ணியும் போகலன்னா ரோமிங் பிரச்சனைன்னு விட்டுடாதீங்க. மகனை விட்டு அந்த நம்பருக்கு ஒரு கால் போடச் சொல்லுங்க, வேற யாராவது எடுத்தாலோ உங்க போன்ல மணியே அடிக்கலன்னாலோ அவர் உடனே போன் கம்பெனியோட மோசடி பிரிவுக்கும் பேங்க்குக்கும் பேசிடணும், அங்க ராத்திரியா இருந்தாலும் சரி.

பேங்க் பக்கம் ஒண்ணு பண்ணுங்க, ஆத்தென்டிகேட்டர் ஆப் வசதி இருந்தா அதுக்கு மாறிடுங்க, அந்த கோடு போன்குள்ளயே உருவாகறது, நம்பர் திருடு போனாலும் அவனுக்கு கிடைக்காது. சில பேங்க்ல எஸ்எம்எஸ் மட்டுந்தான், அப்ப பெரிய தொகைய அந்த அக்கவுண்ட்ல தூங்க விடாதீங்க. ஸ்டேட்மென்ட்டை மாசா மாசம் பாத்தே ஆகணும், ஸ்டேட்மென்ட் அனுப்பின 60 நாளுக்குள்ள சொல்லலன்னா அதுக்கப்பறம் போற பணம் உங்க தலைல விழலாம்.

நம்மூர் நம்பருக்கு இந்த பின் கிடையாது, அதுக்கு பதிலா யுபிசின்னு எட்டு எழுத்து கோடு. அந்த சிம்முலேர்ந்தே PORT-னு போட்டு நம்பரை சேத்து 1900-க்கு அனுப்பினாத்தான் அது வரும், 2024 ஜூலைலேர்ந்து சிம் மாத்தின ஏழு நாளைக்கு யுபிசி குடுக்கறதும் இல்ல. யாராவது போன்ல அந்த கோடை கேட்டா பதில் அதேதான், குடுக்கக்கூடாது. ஏமாந்து குடுத்துட்டு போர்ட் ரிக்வெஸ்ட் போயிடுச்சுன்னா 24 மணி நேரத்துக்குள்ள அதே சிம்முலேர்ந்து CANCEL-னு போட்டு நம்பரை சேத்து 1900-க்கு அனுப்பலாம்.

இந்த ஞாயித்துக்கிழமை மகன் வீடியோ கால்ல வர்றப்ப அந்த ஆப்பை அவர் ஸ்கிரீன்ல தொறக்கச் சொல்லி கூடவே இருந்து முடிச்சுடுங்க, பத்து நிமிஷத்துக்கு மேல ஆகாது.